மூவாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுக்கும் கம்பெனிக்கு யார் வருவார்?

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு டர்னிங் மெஷின், நாலு வி.எம்.சி., இரண்டு ஷிப்ட். பம்புக்கும் வால்வுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறார்கள். ஆர்டருக்குக் குறைவில்லை, ஆள்தான் நிற்பதில்லை. டிப்ளமோ முடித்த பையன்கள் வருகிறார்கள். நாலைந்து மாதம் கழித்து ஒரகடத்திலிருந்தோ ஓசூரிலிருந்தோ போன் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். “அவங்க குடுக்கற சம்பளத்துக்கு நாம எங்கீங்க போறது?” என்கிறார் முதலாளி.

இந்தக் கேள்விக்கு மேலாண்மைக்காரர்கள் வைத்திருக்கும் பதிலின் பெயர் எம்ப்ளாயர் பிராண்டிங். 1996-இல் டிம் ஆம்ப்ளர், சைமன் பாரோ என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. சோப்புக்கு ஒரு பிராண்ட் இருப்பதுபோல வேலை கொடுப்பவருக்கும் ஒன்று உண்டு. கையில் வரும் பணம், கற்றுக்கொள்ளும் தொழில், அங்கே வேலை செய்கிறோம் என்பதில் வரும் மனநிறைவு மூன்றும் சேர்ந்ததே அது என்றார்கள். பெரிய கம்பெனிகள் இதை வீடியோ எடுக்கும் வேலையாகவும் டீ சட்டை அச்சடிக்கும் வேலையாகவும் மாற்றிவிட்டன. நாற்பது பேர் கம்பெனிக்கு அந்தச் செலவு எதுவும் தேவையில்லை. ஊரில் அந்தக் கம்பெனியைப் பற்றி டீக்கடையிலும் பாலிடெக்னிக் வாட்ஸ்அப் குழுவிலும் ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சுதான் அதன் பிராண்ட்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் வேலைக்கு வருகிறவர் முதலில் பேசுவது அதைத்தான். பெரிய கம்பெனி ‘ஆண்டுக்கு மூன்று லட்சம் சி.டி.சி.’ என்கிறது. மாதத்துக்கு 25,000 என்று பையனின் மனம் வகுத்துக்கொள்கிறது. கோவைக் கம்பெனி 18,000 என்கிறது. ஏழாயிரம் வித்தியாசமா என்று அவன் முகம் சுருங்குகிறது. ஆனால் அந்த 25,000-க்குள் நிர்வாகம் கட்டும் பி.எஃப். பங்கு இருக்கிறது, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது இருக்கிறது, வருடக் கடைசியில் வரும் போனஸ் இருக்கிறது. பிறகு அவன் பங்குக்கான பி.எஃப்.பும் பிடிபடும். நான் போட்ட மாதிரிக் கணக்கில் மாதாமாதம் கைக்கு வருவது சுமார் 19,000. கோவையில் 18,000-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக சுமார் 16,000. உண்மையான வித்தியாசம் மூவாயிரம்தான். சின்னக் கம்பெனிகள் பாதிப் பேரை இழப்பது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டாததால் என்பது என் கணிப்பு.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒரகடம் போகிறவன் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாக 6,500 செலவழித்தால் மிஞ்சுவது 12,500. துடியலூரில் சொந்த வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகும் பையனுக்கு 16,000-இல் ஆயிரம் போனாலும் 15,000 நிற்கும். அவனுக்குச் சின்னக் கம்பெனிதான் லாபம். அதே கணக்கைத் தேனியிலிருந்து வரும் பையனுக்குப் போட்டால் தலைகீழாகிறது. கோவையிலும் அவன் அறைக்குப் பணம் கட்ட வேண்டும், 9,500தான் மிஞ்சும். அவன் ஓசூருக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை, அவனைக் குறைசொல்வது வீண். ஆகவே, தமிழ்நாடு முழுக்கத் தெரிகிற மாதிரி இணையத்தில் விளம்பரம் போடுவதைவிட, பஸ்ஸில் வந்துபோகும் தூரத்தில் உள்ள ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்கும் நேரில் போவது இந்தக் கம்பெனிக்குப் பலன் தரும். வெளியூர்ப் பையன்களும் வேண்டுமென்றால் 8,000 வாடகையில் ஒரு வீடு பிடித்து நாலு பேரைத் தங்க வைக்கலாம். தலைக்கு இரண்டாயிரம் ஆகும். நாற்பது பேருக்கும் மூவாயிரம் ஏற்றுவதைவிட அது எவ்வளவோ குறைவு.

அடுத்த வேலை, ஏற்கெனவே நிற்கிறவர்களைக் கேட்பது. நாலு வருடம், ஆறு வருடம் என்று இருப்பவர்கள் எந்தக் கம்பெனியிலும் ஐந்தாறு பேர் உண்டு. அவர்களுக்கும் வெளியிலிருந்து அழைப்பு வந்திருக்கும். “போகலாம்னு நெனச்சப்ப எது உங்களைப் புடிச்சு வெச்சுது?” என்று கேட்க வேண்டும். முதலாளி நேரே கேட்டால் “உங்க மனசுதானுங்க” என்ற பதில்தான் கிடைக்கும். கணக்குப் பார்க்கும் அக்காவோ வெளியில் உள்ள நண்பரோ கேட்டால் உண்மை வரும். விட்டுப்போனவர்களுக்கும் மூன்று மாதம் கழித்து ஒரு போன் போடலாம். அதற்குள் கோபம் ஆறியிருக்கும்.

இப்படிப்பட்ட பட்டறைகளில் வரக்கூடிய பதில்கள் பெரும்பாலும் மூன்று ரகம். ஒன்று, சம்பளம் ஏழாம் தேதி தவறாது என்பது. இன்னொன்று, வீட்டில் நல்லது கெட்டது என்றால் லீவுக்குக் கெஞ்ச வேண்டாம் என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: “இங்க வந்த ரெண்டு வருஷத்துல செட்டர் ஆயிட்டேனுங்க. அங்க போன என் கூட்டாளி இன்னும் பட்டன்தான் தட்டிட்டு இருக்கான்.” பெரிய ஆலையில் ஒரே பாகம் லட்சக்கணக்கில் ஓடும். ஆபரேட்டர் பொருளை மாட்டி, பட்டனைத் தட்டி, கழற்றி வைப்பார். செட்டிங்குக்கு, புரோகிராமுக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேறு வேறு ஆட்கள் இருப்பார்கள். ஜாப் ஒர்க் பட்டறையிலோ வாரத்துக்கு நாலு முறை பாகம் மாறும். டிராயிங் படிக்க வேண்டும், ஜா மாற்ற வேண்டும், டூலுக்கு ஆஃப்செட் கொடுக்க வேண்டும், முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே வாங்க வேண்டும். ஆர்டர் சின்னதாக இருப்பது முதலாளிக்குத் தொல்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு அதுவே பாடத்திட்டம். பெரிய கம்பெனி நினைத்தாலும் இதைக் கொடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையில் இப்படியொரு சரக்கை வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் ‘குடும்பச் சூழல், நல்ல சம்பளம், வளர்ச்சி வாய்ப்பு’ என்று எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது. ‘குடும்பம் மாதிரி’ என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள், ஓ.டி. காசு கேட்க முடியாது என்று அனுபவப்பட்டவர்கள் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. நான் எழுதினால் விளம்பரம் இப்படி இருக்கும்: ‘கணபதியில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலை. கைக்கு 16,000, ஏழாம் தேதி. ஓ.டி.க்கு இரட்டிப்பு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நின்றுகொண்டே செய்யும் வேலை. ஆறாம் மாதம் தனியாக ஆஃப்செட், பதினெட்டாம் மாதம் செட்டிங் தேர்வு, தேறினால் கைக்கு 22,000. இப்போதுள்ள செட்டர் ஐந்து பேரில் நாலு பேர் இங்கேயே ஆபரேட்டராகச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் பேசிவிட்டு முடிவு செய்யலாம்.’

இதில் ஒவ்வொரு வரியையும் சேருகிறவர் சரிபார்க்கலாம். அதைவிட, இரவு ஷிப்டையும் நிற்கும் வேலையையும் ஒளிக்கவில்லை. வேலையின் கசப்பையும் முன்கூட்டியே காட்டும் வழக்கத்தை ஜான் வானஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் டெலிபோன் ஆபரேட்டர்களிடம் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் பலர் செய்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், இதனால் விலகல் பெரிய அளவில் குறைவதில்லை, ஓரளவு குறைகிறது என்பதே முடிவு. பட்டறைக்கு அந்த ஓரளவே போதும். நேர்காணலில் மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதில், அரை நாள் ஷாப் ஃப்ளோரில் ஒரு செட்டரோடு விட்டுவிட வேண்டும். கூலன்ட் வாடையும் சத்தமும் பிடிக்காதவர் அன்றே போய்விடுவார். நாலாவது மாதம் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் தனிக் கதை. சேரச் சொன்ன நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு வாரம் யாரும் பேசாவிட்டால் அந்த இடைவெளியில் வேறொருவர் பேசிவிடுவார். கூட வேலை செய்யப்போகும் செட்டரே ஒரு முறை போன் செய்து, எந்த மெஷின், எந்த ஷிப்ட், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று சொன்னால் போதும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழைய தந்திரத்தை மட்டும் செய்யக் கூடாது. அது ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்ச் சேரும்.

“கத்துக்குடுத்தா ஓடிருவானுங்களே?” என்ற பயத்தில் செட்டிங் அறைக்குள் ஆபரேட்டரை விடாத முதலாளிகள் உண்டு. ஓடத்தான் செய்வார்கள், சிலர். ஆனால் நாலு மாதத்தில் ஓடுகிறவன் பழகும் காலத்தில் கெடுத்த பீஸும் உடைத்த டூலும் நஷ்டக் கணக்கில் அப்படியே நிற்கும். மூன்று வருடத்தில் போகிறவன் அதற்குள் ஒன்றரை வருடம் செட்டர் வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறான். முறையாக வழியனுப்பினால் தன் ஜூனியரையும் அனுப்பி வைப்பான். இந்த பிராண்ட் வேலை செய்கிறதா என்பதற்கு நான் பார்க்கும் முதல் அடையாளம் அதுதான்: புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கே வேலை பார்த்தவர் சொல்லி வந்தவர்கள்? இரண்டாவது, சேர்ந்தவர்களில் தொண்ணூறு நாள் தாண்டியவர் எத்தனை பேர்? ஃபேஸ்புக் லைக்கை எண்ணுவதில் ஒன்றும் தெரியாது.

இதற்கு எல்லையும் உண்டு. கைக்கு வருவது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதாத அளவில் இருந்தால் எந்தப் பாடத்திட்டமும் ஆளை நிறுத்தாது. முதலில் சம்பளத்தைத்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு எல்லை கூட்டல் கழித்தலில் வருகிறது. பதினாறு மெஷினுக்கு, இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து, ஆறேழு செட்டர்தான் தேவை. வருடத்துக்குப் பத்துப் பேரைச் சேர்த்துப் பத்துப் பேரிடமும் ‘பதினெட்டு மாதத்தில் செட்டர்’ என்றால், இரண்டாம் வருடமே தேர்வில் தேறியும் இடமில்லாமல் நாலு பேர் நிற்பார்கள். அந்த நாலு பேர் ஊரில் பேசும் பேச்சு, அதுவரை சேர்த்த பெயரையெல்லாம் அழித்துவிடும். அதனால் விளம்பரம் எழுதுவதற்கு முன்பே, அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை செட்டர் இடம் காலியாகும், எத்தனை மெஷின் புதிதாக வரும் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற ஆட்களிடம் மட்டும் அந்த வார்த்தையைக் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷனோ புரோகிராமிங்கோ வேறு வழி இருந்தால் அதைச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால், ‘தேறினால் செட்டர் சம்பளம் கிடைக்கும், இடம் வரும்வரை ஆபரேட்டர் வேலைதான்’ என்று தாளில் எழுதி, சேரும் நாளிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும்.