ஆடும் தாச்சிப் பிடியைச் சரிசெய்வது எப்படி?

இரத்தோட்டைப் பக்கத்தில், இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கொட்டிலுக்குச் சென்றிருந்தேன். தாய் எண்ணெய்த் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கும்போது பிடி சரிந்து, கொதித்த எண்ணெய் விளிம்புவரை வந்துவிட்டது. பக்கத்தில் சிறு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பிடி ஆடத் தொடங்கி ஒரு மாதமாகிறது என்றார்கள். தகப்பனார் சுத்தியலால் அடித்தும் பார்த்திருந்தார். தாச்சி நெளிந்ததே தவிர, பிடி இறுகவில்லை.

காரணம் இதுதான். அலுமினியத் தாச்சியின் பிடியை ரிவெட் ஆணி இறுக்கிப் பிடிக்கிறது. அதன் இரு தலைகளுக்கும் இடையில்தான் தகடும் பிடியும் நெருக்கப்பட்டுள்ளன. உள்தலைக்கு அடியில் கெட்டியான இரும்பு இல்லாவிட்டால், அடியின் வேகம் தகட்டை நெளிக்குமே தவிர ஆணியை நசுக்காது.

முதலில் ஆறிய வெறுந்தாச்சியை நன்கு கழுவிப் பாருங்கள். ஆணியைச் சுற்றிக் கறுப்புத் தூள் கசிந்திருந்தால், அது உராய்ந்து தேய்கிறது என்று அறியலாம். துளையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் திருத்த முயல வேண்டாம். அத்தாச்சியைச் சமையலிலிருந்து விலக்கிவிடுங்கள்.

வெடிப்பு இல்லையெனில், அலவாங்கின் கூர்முனையை நிலத்தில் ஆழ இறக்கி, தட்டையான தலை மேலே இருக்கும்படி அசையாமல் நிறுத்துங்கள். தாச்சியைக் கவிழ்த்து, ஆணியின் உள்தலை அலவாங்கின்மேல் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். ஒருவர் தாச்சியைப் பிடிக்க, மற்றவர் வெளித்தலையில் சிறிய சுத்தியலால் மெதுவாகப் பல தடவை தட்ட வேண்டும். ஓங்கி ஒரே அடி அடித்தால் தலை வெடிக்கும். ஓர் ஆணி தளர்ந்தால் மற்றதும் பாரம் தாங்கித் தளர்ந்திருக்கும். ஆகவே எல்லா ஆணிகளையும் தட்டுங்கள்.

துளை நீண்டு அகன்றிருந்தால் தட்டிப் பயனில்லை. வெளித்தலையை அரத்தால் தேய்த்து, ஆணியை உட்புறமாகத் தள்ளி எடுங்கள். துளையை வட்டமாக்கி, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் திண்மையான அலுமினிய ஆணியை உள்ளிருந்து போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஆணியின் தடிப்பைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும்: 5 மில்லிமீற்றர் ஆணிக்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர். அதைத்தான் தட்டித் தலையாக்க வேண்டும். செம்பு ஆணி வேண்டாம். உப்பும் புளியும் பட்டால் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். ஈயம் ஊற்றி அடைப்பது நஞ்சு.

திருகாணி போட்ட கறுப்புப் பிடியானால், ஆறிய பின் ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்குங்கள். மேலும் முறுக்கினால் பிடி வெடிக்கும். அடிக்கடி தளர்ந்தால் தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாசர் போடலாம். துணியோ நூலோ சுற்றி இறுக்க வேண்டாம், அது தீப்பிடிக்கும்.

இரத்தோட்டைத் தாச்சியில் ஒரு துளை அகன்றிருந்ததால் ஓர் ஆணியை மாற்றினோம், மற்றதைத் தட்டினோம். பின் குளிர்ந்த நீர் நிரப்பி, நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் தூக்கிச் சரித்துப் பார்த்தோம். ஆணியடியில் ஒரு துளி கசிந்தது, மீண்டும் தட்டினோம். கசிவு நின்ற பிறகு வெந்நீர் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி ஆட்டிப் பார்த்தோம். அதன் பின்னரே தாய் அதில் எண்ணெய் ஊற்றினார்.