61 சதவீதம் இறங்கினால் 156 சதவீதம் ஏற வேண்டும்

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873 புள்ளிகளில் முடிந்தது. 14 மாதம் கழித்து, 2009 மார்ச் 9 அன்று, 8,160-இல் நின்றது. இறக்கம் 61 சதவீதம். அங்கிருந்து மீண்டும் 61 சதவீதம் ஏறினால் போட்ட பணம் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் 13,138 வரைதான் வருகிறது. பழைய உயரத்தைத் தொட 156 சதவீதம் ஏற வேண்டும்.

நட்டத்தைக் கணக்கிடுவது முழுத் தொகையின் மேல். லாபத்தைக் கணக்கிடுவதோ மிஞ்சிய தொகையின் மேல். போனதை மிஞ்சியதால் வகுத்தால் எவ்வளவு ஏற வேண்டும் என்பது கிடைத்துவிடும். நூறு ரூபாயில் 10 போனால் 90 மிஞ்சும். 11 சதவீதம் ஏறினால் போதும். 20 போனால் 25 சதவீதம் வேண்டும். 50 போனால் 100. 80 போனால் 400. இறக்கம் இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது ஏற வேண்டிய அளவு 25-இலிருந்து 43 ஆகிறது. அதுவே ஐம்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் 100 என்பது 150 ஆகிவிடுகிறது. சின்னச் சின்ன இறக்கங்களைத் தவிர்க்க அலைவதைவிட, ஆழமான ஒன்றில் சிக்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டால், 10 சதவீத நட்டம் ஓராண்டில் அடைபடும். பாதி போனால் ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். 2008-க்குப் பிறகு சந்தை அதைவிட வேகமாக எழுந்தது. 2010 நவம்பர் 5, தீபாவளி நாளில் 21,005-ஐத் தொட்டது. எல்லாச் சரிவும் அப்படி அடைபடுவதில்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2015 ஏப்ரலில்தான்.

ஆழத்தைக் குறைக்க நம்பகமான வழி, பணம் முழுவதையும் பங்கில் போடாமல் இருப்பது. 2008 ஜனவரியில் ஒருவர் தன் 10 லட்சத்தில் 6 லட்சத்தைச் சென்செக்ஸ் ஃபண்டிலும் 4 லட்சத்தை வங்கி டெபாசிட்டிலும் வைத்திருந்தார் என்று கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வட்டியை விட்டுவிடலாம். 2009 மார்ச்சில் அவர் கையில் 6.35 லட்சம் இருந்திருக்கும். நட்டம் 36.5 சதவீதம், மீள வேண்டியது 57.5 சதவீதம். எல்லாவற்றையும் பங்கில் போட்டவரிடம் இருந்திருப்பது 3.91 லட்சம்.

இந்த 60-40 விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும். 2008 டிசம்பர் 31 அன்று சென்செக்ஸ் 9,647. அன்று அவருடைய 6 லட்சம் 2.77 லட்சமாகச் சுருங்கியிருக்கும், மொத்தம் 6.77 லட்சம். டெபாசிட்டிலிருந்து 1.29 லட்சத்தை எடுத்துப் பங்கில் சேர்த்தால் விகிதம் பழையபடி ஆகும். அதன்பின் எதையும் தொடாமல் விட்டிருந்தால் 2010 தீபாவளியன்று அவரிடம் ஏறக்குறைய 11.55 லட்சம். சரிசெய்யாமல் விட்டவரிடம் 10 லட்சமும் சில ஆயிரங்களும். சந்தை எப்போது அடிமட்டம் தொடும் என்று அவர் ஊகிக்கவே இல்லை. காலண்டரைப் பார்த்துத்தான் செய்தார். ஆனால் எல்லாரும் விற்று ஓடும் வாரத்தில் டெபாசிட்டை உடைத்துப் பங்கு வாங்க மனம் வராது. அதனால் தேதியையும் விகிதத்தையும் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. சந்தை விடாமல் ஏறும் ஆண்டுகளில் இவருக்கு லாபம் குறையும். பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை அது.

‘ஸ்டாப் லாஸ்’ போட்டுவிட்டால் கவலையில்லை என்பவர்கள் 2008 ஜனவரி 22-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே 10 சதவீதச் சரிவு எல்லையைத் தொட்டு, வர்த்தகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. 100 ரூபாய்ப் பங்கை 95-இல் விற்கச் சொல்லியிருந்தாலும், மறுநாள் அது 88-இல் திறந்தால் 88-க்குத்தான் விற்கும். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர் நிலை இன்னும் மோசம். சொந்தப் பணம் 10 லட்சத்தோடு 10 லட்சம் கடன் சேர்த்தவருக்கு, பங்கு பாதியானாலே சொந்தப் பணம் முழுவதும் போய்விடும். பூஜ்யத்தை எத்தனை சதவீதம் பெருக்கினாலும் பூஜ்யம்தான். நடைமுறையில் அதற்கு முன்பே தரகர் பங்குகளை விற்றுவிடுவார். பின்னால் வரும் ஏற்றம் அவருக்குக் கிடைக்காது.

மேலே சொன்ன மீட்சியெல்லாம் குறியீட்டுக்குத்தான். நலிந்த நிறுவனத்தை நீக்கி வேறொன்றைச் சேர்த்துக்கொள்வதால் குறியீடு எழுந்து நிற்கிறது. தனிப் பங்குக்கு அந்த வசதி இல்லை. 2008-இல் சென்செக்ஸில் இருந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2019-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அப்படியொரு பங்கில் சேமிப்பின் 30 சதவீதம் இருந்து அது ஒன்றுமில்லாமல் போனால், மீதிப் பணம் 43 சதவீதம் வளர்ந்தால்தான் பழைய நிலை திரும்பும். அதே பங்கில் 5 சதவீதம் மட்டும் வைத்திருந்தால் 5.3 சதவீதம் போதும்.