ஒரு கடிதம், மூன்று பிரதிகள்: மின்னஞ்சலில் மறுபிரதி நீக்கம் பற்றிய ஒரு நோக்கு

ஒரே மின்னஞ்சல் பல அஞ்சற்பட்டியல்களின் வழியாகவும் மாற்று முகவரிகளின் வழியாகவும் ஒருவரது பெட்டியைப் பல தடவை வந்தடைவதை நாம் அறிவோம். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற கூட்டு முயற்சிகள் மின்னஞ்சலை நம்பியே நடந்தன. ஓர் அறிவித்தலை இரண்டு மூன்று பட்டியல்களுக்கு ஒருங்கே அனுப்பும் வழக்கமும் பட்டியல்களோடு சேர்ந்தே வளர்ந்தது. மிகுதியான பிரதிகளை நீக்குவது எளிய காரியம் போலத் தோன்றும். எந்தப் பிரதியை நீக்குவது என்ற வினாவிலேயே சிக்கல் தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக் கொள்வோம். கரடியனாற்றில் பணிபுரியும் விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்குப் பணிமுகவரி ஒன்றும் சொந்த முகவரி ஒன்றும் உள்ளன. இரண்டும் ஒரே பெட்டியிற் சென்று சேர்கின்றன. உறுகாமக் குளத்துச் சிறுபோக ஆரம்பக் கூட்டம் பற்றிய கடிதமொன்று அவருக்கு நேராகவும், விவசாயிகள் பட்டியலுக்கும், ஆய்வாளர் பட்டியலுக்கும் அனுப்பப்படுகிறது. முதற் பட்டியலில் அவர் பணிமுகவரியாலும், மற்றதிற் சொந்த முகவரியாலும் சேர்ந்தவர். நேர்ப்பிரதி சில விநாடிகளிலும், விவசாயிகள் பட்டியலின் பிரதி இரண்டு நிமிடங்களிலும் வருகின்றன. மூன்றாவது, மட்டறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து மறுநாள் வருகிறது.

இம்மூன்றும் ஒன்றே என்பதை இயந்திரம் எவ்வாறு அறியும்? உள்ளடக்கத்தை ஒப்பிட்டு அறிய இயலாது. பட்டியல், தலைப்பின் முன்னே தன் பெயரை அடைப்புக்குறியுள் இடும். அடியிலே ஒரு குறிப்பைச் சேர்க்கும். தமிழ்க் கடிதத்திற் சிக்கல் இன்னும் கூடும். அடிக்குறிப்பைச் சேர்க்கையிற் பட்டியல் மென்பொருள் உடற்பகுதியை வேறொரு குறியாக்க முறைக்கு மாற்றிவிடுவதுண்டு. அப்பொழுது படிப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு கடிதங்கள், இயந்திரத்துக்கு ஓர் எழுத்தும் பொருந்தாத இரு கோவைகளாகிவிடுகின்றன. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் கண்ட இடர்ப்பாடு இங்கும் உண்டு. ஆனால் அவருக்கில்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. கடிதம் பிறக்கும்போதே அதற்கு ஓர் அடையாளக் குறி இடப்படுகிறது. `Message-ID` எனத் தொடங்கும் வரி அதுவே. உடல் மாறினும், நன்னடத்தையுள்ள பட்டியல் இவ்வரியைத் தொடுவதில்லை.

ஆகவே, கண்ட குறிகளை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, மீண்டும் அதே குறி வந்தால் ஒதுக்குதல் முறையாயிற்று. நீண்டகாலம் வழங்கிய `procmail` என்னும் வடிகட்டியோடு வரும் `formail` இதைச் செய்தது. அதன் கைந்நூல் உதாரணத்திற் பதிவேட்டின் அளவு 8192 பைட்டு. ஒரு குறி ஏறத்தாழ 64 பைட்டு எனக் கொண்டால் 128 குறிகளே அதில் அடங்கும். நமது போதனாசிரியருக்கு ஒருநாளில் இருநூறு கடிதங்கள் வருமாயின், மறுநாட் பிரதி வருமுன் பழைய குறி அழிந்திருக்கும். பிரதி புதிய கடிதமாகவே நுழையும். இதனினும் பாரதூரமானது வேறொன்று. குறி முதலிற் பதியப்பட்டு, பின்னர் கடிதம் பெட்டியிற் சேராது தவறினால், அஞ்சலகம் மீண்டும் அனுப்பும் அதே கடிதம் ‘மறுபிரதி’ எனத் தள்ளப்படும். இருந்த ஒரே பிரதியும் போய்விடும். இவ்வபாயத்தைக் கைந்நூலே எச்சரித்து, மறுபிரதிகளை அழிக்காது தனிக்கோப்பில் இடும் மாற்றுவழியையும் கூறியுள்ளது.

2014இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 7352 என்னும் வரையறை, `Sieve` என்ற வடிகட்டி மொழிக்கு `duplicate` என்ற சோதனையை வழங்கியது. வடிகட்டல் வெற்றியாக முடிந்த பின்னரே குறியைப் பதிய வேண்டும் என்று அது விதிக்கிறது. மேற்கூறிய இழப்புக்கு அது நேரான பரிகாரம்.

எனினும், முதலில் வந்ததே தங்கும் என்ற நியதி மாறவில்லை. நமது உதாரணத்தில் தங்குவது நேர்ப்பிரதி. பட்டியலை அடையாளங் காட்டும் `List-Id` வரி அதில் இல்லை. ஆதலால் அது பட்டியலுக்குரிய கோப்பிற் சேராது. அதற்கு எழுதும் பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே சென்றுவிடக்கூடும். நீர் திறக்கும் திகதி பற்றி அவர் எழுப்பிய ஆட்சேபத்தை ஏனைய விவசாயிகள் காணார். எனவே பட்டியற் பிரதிகளுக்குள் மாத்திரம் சோதனையை நிகழ்த்துவதே தக்கது என்பது எமது கருத்து:

```
require ["duplicate", "fileinto", "mailbox"];
if exists "List-Id" {
    if duplicate :seconds 604800 {
        fileinto :create "Duplicates";
    }
}
```

இதன்படி நேர்ப்பிரதியும் விவசாயிகள் பட்டியற் பிரதியும் பெட்டியில் நிற்கும். மறுநாள் வரும் மூன்றாவது, அழியாது தனிக்கோப்பிற் சேரும். 604800 விநாடி என்பது ஏழு நாள். மட்டறுத்தலின் தாமதத்துக்கு அது போதும்.

பட்டியலின் பக்கத்திலேயே தடுக்க முடியாதா என்று கேட்கலாம். `Mailman` மென்பொருளில் அதற்கொரு தெரிவு உண்டு. பெறுநர் வரியில் உறுப்பினரின் முகவரி இருந்தால் பட்டியல் அவருக்குப் பிரதி அனுப்பாது. ஆனால் அது பதிந்த முகவரியையே நோக்கும். பணிமுகவரிக்கு நேர்க்கடிதம் வந்ததைச் சொந்த முகவரியால் அவர் சேர்ந்துள்ள பட்டியல் அறியாது. அத்துடன் அங்கு நிறுத்தப்படுவது பட்டியற் பிரதியே. நாம் காக்க விரும்புவதும் அதுவே.

குறியினாலும் தீராத நிலைமை ஒன்றுண்டு. ஜிமெயில், தாம் பட்டியலுக்கு எழுதிய கடிதம் திரும்பி வருகையில் அதை மறுபிரதியாகக் கொண்டு வரவுப் பெட்டியிற் காட்டுவதில்லை. கடிதம் தவறிவிட்டதென எண்ணி அதையே சிலர் மறுபடி எழுதி அனுப்புவர். புதிய கடிதத்துக்குப் புதிய குறி. எந்தப் பதிவேடும் அதைப் பிடிக்காது. ஒருவரது பெட்டியில் நிகழ்ந்த நீக்கம், பட்டியலிலுள்ள அனைவருக்கும் ஒரு மறுபிரதியைப் பெற்றுக் கொடுத்துவிடுகிறது.