சதுரம் சொல்லும் குலக் கணக்கு

ஓர் அட்டையைச் சதுரமாக வெட்டி மேசையில் வைத்தால், அது இருந்த இடத்திலேயே மறுபடி பொருந்தும்படி 8 விதமாக அசைக்கலாம். சும்மா விடுவது ஒன்று. 90, 180, 270 டிகிரி சுழற்றுவது மூன்று. கிடை அச்சிலும் நெட்டச்சிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் புரட்டுவது நான்கு. ஒரு செயலை அடுத்து இன்னொன்றைச் செய்தாலும் இந்த எட்டில் ஒன்றுதான் கிடைக்கும். எதையும் திருப்பிச் செய்து பழைய நிலைக்கு வரலாம். இப்படிப்பட்ட தொகுப்பைக் கணிதத்தில் குலம் என்பார்கள்.

இப்போது x என்ற செயலை a என்ற இன்னொரு செயலின் பார்வையில் பார்ப்போம். முதலில் a-யின் எதிர்ச்செயல், பிறகு x, கடைசியில் a. இதை axa⁻¹ என்று எழுதுவார்கள் (வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்). a என்பது 90 டிகிரி சுழற்சியானால் கிடைப்புரட்டு நெடும்புரட்டாக மாறுகிறது, நெடும்புரட்டு கிடைப்புரட்டாகிறது; மூலைவிட்டப் புரட்டுகளும் இடம் மாறிக்கொள்கின்றன. சுழற்சிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பெயர்கள் இடம் மாறினாலும் எதை எதோடு சேர்த்தால் எது வரும் என்ற கணக்கு குலையாது. குலத்தின் உறுப்பு ஒன்றாலேயே உண்டாகும் இந்த மாற்றம்தான் உள் ஆட்டோமார்பிசம்.

எட்டு உறுப்புகள் இருப்பதால் எட்டு மாற்றங்கள் வரும் என்று தோன்றும். வருவது நான்கே. 180 டிகிரி சுழற்சி எதையுமே மாற்றுவதில்லை. 270 டிகிரியும் 90 டிகிரியும் ஒரே மாற்றத்தைத் தருகின்றன. இரண்டு நேர்ப்புரட்டுகளும் தமக்குள் ஒன்று. மூலைவிட்டப் புரட்டுகளும் அப்படியே.

இதன் காரணம் அழகானது. a-யும் b-யும் ஒரே மாற்றத்தைத் தந்தால், எல்லா x-க்கும் axa⁻¹ = bxb⁻¹. இருபுறமும் இடப்பக்கம் b⁻¹-ஐயும் வலப்பக்கம் a-வையும் சேர்த்தால், b⁻¹a என்ற உறுப்பு எந்த x-ஓடும் முன்பின் மாற்றிச் சேர்ந்தாலும் ஒரே விடை தருவது தெரியும். எல்லோரோடும் இப்படி ஒத்துப்போகும் உறுப்புகளின் தொகுப்பே குலத்தின் மையம். சதுரத்தில் அது சும்மா விடுவதும் 180 டிகிரி சுழற்சியும்தான். ஆகவே மைய உறுப்பு ஒன்றால் மட்டும் வேறுபடுபவை ஒரே மாற்றத்தைத் தரும், மற்றவை தராது. அப்படி வேறுபடுபவற்றை ஒன்றாகக் கட்டினால் வருவதுதான் குலத்தை மையத்தால் வகுத்த குலம்: 8-ஐ 2-ஆல் வகுத்து 4 கட்டுகள்.

எண்ணிக்கை பொருந்துவது மட்டும் போதாது. b-யின் மாற்றத்தைச் செய்து அதன்மேல் a-யின் மாற்றத்தைச் செய்தால் a(bxb⁻¹)a⁻¹ = (ab)x(ab)⁻¹, அதாவது ab-யின் மாற்றமே வருகிறது. கட்டுகள் சேரும் விதமும் மாற்றங்கள் சேரும் விதமும் ஒன்றே. ஐசோமார்பிக் என்பது இதுதான்.

சதுரக் குலத்துக்கு மொத்தம் 8 ஆட்டோமார்பிசங்கள் உண்டு. மற்ற நான்கை அதன் எந்த உறுப்பாலும் உண்டாக்க முடியாது. நேர்ப்புரட்டுகளை மூலைவிட்டப் புரட்டுகளாக்க வேண்டுமானால் 45 டிகிரி சுழற்ற வேண்டும். அந்தச் சுழற்சி சதுரத்தின் குலத்தில் இல்லை, எண்கோணத்தின் குலத்தில் இருக்கிறது.