பொது இன்பாக்ஸுக்கு ஒரு சுற்றறிக்கை

ஒரு சிறு பதிப்பகம். ஆர்டர், புகார், நூலகங்களின் விசாரணை எல்லாம் ஒரே ஜிமெயில் முகவரிக்கு வருகின்றன. நான்கு பேர் அந்தக் கணக்கைத் திறந்து வைத்து வேலை பார்க்கிறார்கள். ஒருவர் ஒரு மெயிலைத் திறந்ததுமே அது நால்வருக்கும் படித்ததாகிவிடும்; தடித்த எழுத்து போய்விடும். யாரோ கவனிக்கிறார்கள் என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். திறந்தவருக்கு அப்போதுதான் போன் வந்திருக்கும். பணம் கட்டிய வாசகர் பதிலுக்காகக் காத்துக் கிடப்பார்.

இதைச் சரிசெய்ய லேபிள் போடலாம் என்று முடிவானால், 'ஆர்டர்', 'புகார்', 'நூலகம்' என்று விஷயவாரியாகப் பிரிக்கத்தான் முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விஷயத்தைத் தேடுபெட்டியே கண்டுபிடித்துத் தரும். இது யார் பொறுப்பு, எந்த நிலையில் நிற்கிறது என்பதைத்தான் அது சொல்லாது. லேபிள் அதைச் சொல்ல வேண்டும். எனவே சுற்றறிக்கை இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்:

"திங்கட்கிழமை முதல், மெயிலைத் திறப்பவர் மூடுவதற்குள் ஒரு பெயர் லேபிள் போட வேண்டும்: தன் பெயர், அல்லது அதைக் கவனிக்க வேண்டியவரின் பெயர். பிறரிடமிருந்து தகவல் வர வேண்டியிருந்தால் கூடவே '1-காத்திருப்பு'. வேலை முடிந்ததும் இவற்றை எடுத்துவிட்டு '2-முடிந்தது' போட்டு ஆர்க்கைவ் செய்யவும். பழைய மெயில்களுக்கு லேபிள் போட வேண்டாம். இன்பாக்ஸில் இப்போது இருப்பவற்றுக்கு மட்டும் போடுங்கள். புதிய லேபிள் தேவைப்பட்டால் மேலாளரிடம் கேளுங்கள்."

எண் எதற்கு? ஜிமெயில் லேபிள்களை அகரவரிசையில் அடுக்கும்; எண்ணில் தொடங்குபவை மேலே வந்து நிற்கும். ஃபோல்டரைப் போலன்றி, ஒரே மெயிலில் பல லேபிள்கள் ஒட்டும் என்பதால் பெயரும் நிலையும் சேர்ந்தே இருக்கலாம்.

மதுரை வாசகர் ஒருவர் 3 புத்தகம் கேட்டார், 2 தான் வந்தது என்று எழுதுகிறார். செல்வி திறந்து தன் பெயரைப் போடுகிறார். கிடங்கில் விசாரிக்க வேண்டும், '1-காத்திருப்பு' சேர்கிறது. மறுநாள் செல்வி விடுப்பு. கிடங்கிலிருந்து பதில் வந்ததும் முருகன் அந்த லேபிளைப் பார்த்து, தன் பெயரை மாற்றிப் போட்டு, புத்தகத்தை அனுப்பி, முடித்துவைக்கிறார். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். நான்கு நாள் கழித்து அதே வாசகர் அதே மெயிலுக்குப் பதிலாக, "வந்த பிரதியில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன" என்று எழுதுகிறார். அந்த உரையாடல் இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும், ஆனால் '2-முடிந்தது' லேபிள் ஒட்டியபடியே இருக்கும். அதை நம்பி எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் சுற்றறிக்கையில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: "இன்பாக்ஸில் '2-முடிந்தது' என்று எது தெரிந்தாலும், அவர் மறுபடி எழுதியிருக்கிறார் என்று பொருள். முதலில் அதைத் திறந்து, லேபிளை எடுத்துவிட்டு, உங்கள் பெயரைப் போடுங்கள்." முடிந்ததை ஆர்க்கைவ் செய்யாமல் இன்பாக்ஸிலேயே விட்டுவைக்கும் அலுவலகத்தில் இந்த அடையாளம் பலிக்காது, முடிந்ததும் திரும்பி வந்ததும் ஒரே மாதிரி தெரியும்.