ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்?

நாவலில் ஓர் அத்தியாயம் இருபது பக்கம் போகிறது. முக்காலும் ஒரே மனிதரைச் சுற்றித்தான் நடக்கிறது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் வரிக்கு வரி ‘சண்முகம்’, ‘சண்முகம்’ என்று காதில் இடிக்கிறது. சிலவற்றை ‘அவர்’ என்று மாற்றினால் இப்போது ‘அவர்’ இடிக்கிறது. உடனே கை அடைமொழிகளைத் தேடிப் போகிறது. அப்படித் தேடிப் போனவர் எழுதிய பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“சண்முகம் திண்ணையில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர் செருப்பைக் கழற்றினார். அந்த அறுபது வயதுக்காரர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். முருகேசனின் அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.”

திண்ணையில் இருப்பது ஒருவர். படிப்பவர் கண்ணுக்கோ நான்கு பேர் தெரிகிறார்கள். தொல்காப்பியர் இந்தச் சிக்கலைக் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஒருவரைக் குறிக்கப் பல பெயர்கள் வரலாம். ஆனால் பெயருக்கு ஒரு வினை என்று தனித்தனியே கொடுத்தால் அந்தப் பெயர்கள் ஓர் ஆளிடம் சென்று சேராது என்பது அவர் விதி. தொழில், ஊர், உறவு, இயற்பெயர் எல்லாவற்றையும் அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு ‘வந்தான்’ போட்டால் ஒருவன்தான் வருகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றுவினை கொடுத்தால் கூட்டமே வந்துவிடுகிறது.

ஆகவே அடைமொழிக்குப் போவதற்கு முன் வினையைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள பத்திக்கு அடைமொழியே தேவையில்லை. “சண்முகம் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.” எழுவாய் ஒரு முறைதான் வருகிறது. ‘உட்கார்ந்து’ என்ற எச்சம் அடுத்த வினையையும் அதே ஆளிடம் கொண்டு சேர்க்கிறது. அதற்குப் பிறகு ‘ஆர்’ விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. பெயர் அடிக்கடி வருகிறதே என்று கவலைப்படும் பல இடங்களில் அதை எடுத்துவிட்டால் போதும். பதிலுக்கு வேறு சொல் வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் வரும்போது விகுதி இன்னும் உதவுகிறது. தம்பி முருகேசன் பாகப் பத்திரத்தோடு வெளியே வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கதை சொல்பவர் அண்ணனுக்கு ‘ஆர்’, தம்பிக்கு ‘ஆன்’ என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால், பெயரே இல்லாமல் ஒரு பக்கம் வரை உரையாடலைக் கொண்டுபோகலாம்.

“பத்திரத்தை நீட்டினான்.

‘படிச்சுப் பாருங்கண்ணே.’

‘நீ படிச்சாப் போதும்’ என்றார்.”

‘தன்’ என்ற சொல்லும் கைகொடுக்கும். “முருகேசன் தன் பங்கைக் காட்டினான்” என்றால் முருகேசனின் பங்கு; “அவர் பங்கைக் காட்டினான்” என்றால் அண்ணனுடையது. இதைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆனால் தமிழ் வினை எல்லா இடத்திலும் ஆளைக் காட்டாது. “பத்திரத்தை நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை.” வாங்கிக்கொள்ளாதது யார்? ‘இல்லை’க்கு ஆண், பெண், மரியாதை எதுவும் கிடையாது. ‘வேண்டும்’, ‘முடியாது’, ‘கூடாது’ ஆகியவையும் அப்படித்தான். கைப்பிரதியைத் திருத்துகிறவர்கள் இந்தச் சொற்களைத் தேடித் தேடி நிறுத்திப் பார்ப்பது நல்லது. எழுதியவருக்கு ஆள் யார் என்று மனத்தில் தெளிவாக இருப்பதால் அவர் கண்ணுக்கு இந்த ஓட்டை தெரியாது. முதல் முறை படிக்கிற இன்னொருவர் அங்கே இரண்டு வரி பின்னால் போய்ப் படித்தால், அந்த இடத்தில் பெயரோ அடைமொழியோ தேவைப்படுகிறது என்று பொருள்.

எந்த அடைமொழியை வைப்பது என்பதில்தான் எழுத்தாளரின் திறமை இருக்கிறது. “அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை” என்று வைத்தால், பாகம் பிரிக்கும் நாளில் அந்த உறவின் கனம் முழுவதும் வரியில் இறங்குகிறது. “கண்டக்டர் வாங்கிக்கொள்ளவில்லை” என்றால் ஒன்றுமே சேரவில்லை. பத்திரத்துக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? அதே சொல், கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி பணக்கட்டை நீட்டும்போது பொருந்தி உட்கார்கிறது: “கட்டில் ஒரு தாள் குறைவு என்பது விரல் பட்டதுமே கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது.” ஆயுசெல்லாம் நோட்டு எண்ணிய கை அது. அடைமொழி அந்த வினைக்குக் காரணம் சொல்கிறது. வயது, நிறம், மீசை என்று பார்வைக்குப் படுவதை மட்டும் சொல்லும் அடைமொழிகளுக்கு இந்த வேலை செய்யத் தெரியாது. அதனால்தான் ‘அந்த அறுபது வயதுக்காரர்’ எங்கே வைத்தாலும் ஒட்டாமல் நிற்கிறார்.

யார் கண்ணால் காட்சி நடக்கிறது என்பதும் முக்கியம். அத்தியாயம் முருகேசனின் மனைவி கமலாவின் மனத்தோடு போகிறது என்றால் சண்முகம் அவளுக்கு ‘மூத்தார்’. அவள் மனத்தில் ‘ஓய்வுபெற்ற கண்டக்டர்’ என்ற தொடர் ஓடாது. அப்படி எழுதினால் வாசகர் அந்த ஒரு வரியில் அவளை விட்டு வெளியே வந்துவிடுகிறார்.

நீண்ட தொடர்கதையில் இதை நுணுக்கமாகச் செய்தவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வந்தியத்தேவன் அதில் வல்லவரையனாகவும் வருகிறான், வாணர் குலத்து வீரனாகவும் வருகிறான். குந்தவை இளைய பிராட்டி. நந்தினி பழுவூர் இளைய ராணி. பூங்குழலி சமுத்திர குமாரி. ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்தான், ஆனால் ஐந்து பாகத்துக்கும் அவை நிலையாக நிற்கின்றன. வாரம் ஒரு முறை படித்தவருக்கும் ஆள் தப்பவில்லை. ‘இளைய’ இரண்டு பெண்களுக்கும் வந்தாலும் ‘பிராட்டி’யும் ‘ராணி’யும் இடம் மாறுவதில்லை. ஒவ்வொரு பெயரிலும் கதையே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். வாணர் குலம் அரசை இழந்த குலம். அது அவன் ஆசைக்கு வேர். ‘இளைய ராணி’ என்ற சொல்லிலேயே முதிய கணவர் ஒருவர் இருப்பதும், அவர் வழியாக அவளுக்குக் கிடைத்த அதிகாரமும் தெரிந்துவிடுகின்றன. பழுவேட்டரையர் இருவரையும் ‘பெரிய’, ‘சின்ன’ என்று பிரித்ததோடு, ஒருவர் தனாதிகாரி, மற்றவர் கோட்டைத் தலைவர் என்று வேலையும் தந்திருப்பதால் இருவரும் ஒரே அறையில் நின்றாலும் குழப்பம் வராது.

இதற்கு எல்லையும் உண்டு. நம் திண்ணைக்குப் பத்திர எழுத்தர் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். அவருக்கும் ‘ஆர்’தான். இனி விகுதி சண்முகத்தைத் தனியாகக் காட்டாது. அந்த எழுத்தருக்கு ‘எழுத்தர்’ என்ற ஒரே பெயர் போதும். அதை மாற்றவே கூடாது. சில பக்கம் மட்டும் வந்து போகிறவருக்கு இரண்டாவது பெயர் கொடுத்தால் வாசகர் அதை இன்னொரு ஆளாக எண்ணித் தேடத் தொடங்கிவிடுவார். சண்முகத்துக்கும் ‘கண்டக்டர்’ இங்கே வேண்டாம். இரண்டு தொழில் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எது யார் என்று யோசிக்க வைக்கும். மூவரும் பேசுகிற அந்த இரண்டு பக்கத்தில் ‘சண்முகம்’ பத்து முறை வந்தாலும் தவறில்லை. யார் கையெழுத்துப் போட்டார் என்று தெரிய வேண்டிய இடம் அது.