மோதிரத்தின் அளவு வேறு, காடியின் அளவு வேறு

பேரிங்கோ பல்சக்கரமோ ஷாஃப்டிலிருந்து நழுவாமல் பிடித்து வைப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங் எஃகு வளையம். ஸ்னாப் ரிங் என்பார்கள். லேத் பட்டறையில் சர்க்ளிப். அது உட்கார ஷாஃப்டைச் சுற்றி ஒரு காடி வெட்ட வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்?

25 மி.மீ. ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். டின் 471 என்ற ஜெர்மானியத் தரத்தின்படி வரும் கேட்டலாக்கில், இதற்கான சர்க்ளிப்பின் தடிமன் 1.2 மி.மீ., மாட்டாமல் கையில் இருக்கும்போது உள்விட்டம் 23.2 மி.மீ. புதிதாகப் பழகுபவர் இந்த இரண்டு எண்களையே காடிக்கும் வைத்துவிடுவார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

காடியின் அடிவிட்டம் 23.9 மி.மீ. வளையத்தின் உள்விட்டத்தைவிட 0.7 பெரிது. அதனால் மாட்டிய பிறகும் வளையம் சற்று விரிந்தே நிற்கும்; அந்த இறுக்கம்தான் பிடி. காடியை 23.69 வரை குறைத்து வெட்ட அனுமதி உண்டு. வளையத்தின் உள்விட்டமும் 23.41 வரை கூடலாம். இரண்டும் எதிரெதிர் எல்லைக்குப் போனாலும் 0.28 மி.மீ. இறுக்கம் மிஞ்சும். காடியை 23.2-க்கே வெட்டினால் அது போய்விடும். வளையம் விரலால் தள்ளினாலே சுற்றும்.

விட்டம் 25-லிருந்து 23.9 ஆவதற்கு 1.1 குறைய வேண்டும். ஆனால் டூல் உள்ளே போவது அதில் பாதி, 0.55 மட்டும். லேத்தின் டயல் விட்டத்தைக் காட்டுகிறதா, டூலின் நகர்வைக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிப் புரிந்துகொண்டால் காடி 22.8-க்கு இறங்கிவிடும்; ஷாஃப்டும் அந்த இடத்தில் பலமிழக்கும்.

அகலம் குறைந்தது 1.3, அதிகபட்சம் 1.44. தடிமனைவிட 0.1 கூடுதல் இல்லாவிட்டால் வளையம் அடிவரை இறங்காது. இந்த இடைவெளியால் பிடி தளராது. சுமையைத் தாங்குவது காடியின் ஒரு சுவர்தான். பேரிங்குக்கு எதிர்ப்பக்கம், ஷாஃப்டின் முனையை ஒட்டிய சுவர். ஆகவே அந்தச் சுவர் நேராகவும், அதன் மேல் விளிம்பு கூர்மையாகவும் இருக்க வேண்டும். மழுங்கிய விளிம்பில் வளையம் குடைபோல் வளைந்து வெளியே ஏறிவிடும். அந்தச் சுவரிலிருந்து ஷாஃப்டின் முனைவரை குறைந்தது 1.7 மி.மீ. உலோகம் விடுங்கள், இல்லையேல் விளிம்பே பெயர்ந்துவிடலாம்.

வெட்டி முடித்ததும் பிளேடு மைக்ரோமீட்டரால் அடிவிட்டத்தை அளந்து, வளையத்தை மாட்டிப் பாருங்கள். சுற்றளவு முழுக்க ஒரே மட்டத்தில் உட்கார்ந்து, விரலுக்குச் சுழலாமல் நின்றால் காடி சரி.